டிபென்டன்ட் சோர்ஸை ஏன் அணைக்கக் கூடாது?

“தெவனின் மின்தடை கண்டுபிடிக்க எல்லா சோர்ஸையும் அணைக்க வேண்டும் என்றுதான் படித்தேன். டிபென்டன்ட் சோர்ஸையும் சேர்த்து அணைத்தேன், விடை தப்பு. அதை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?”

பெயரில் சோர்ஸ் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். பேட்டரியின் அளவை வெளியிலிருந்து நாம் வைக்கிறோம், அதனால் நாமே பூஜ்யமாக்கலாம். டிபென்டன்ட் சோர்ஸின் அளவு சர்க்யூட்டுக்குள்ளேயே இன்னோரிடத்தில் ஓடும் மின்னோட்டத்தையோ மின்னழுத்தத்தையோ பார்த்து அமைகிறது. அங்கே ஓட்டம் இருக்கும்வரை இதுவும் இருக்கும். ரெசிஸ்டரும் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டதுதான், அதை யாரும் கழற்றிவிட்டுத் தெவனின் போடுவதில்லையே. டிபென்டன்ட் சோர்ஸ் இந்த விஷயத்தில் ரெசிஸ்டரின் ஜாதி.

ஒரு சர்க்யூட்டை வரைந்துகொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரி. அதிலிருந்து 4 ஓம் வழியாக A என்ற முனைக்கு வருகிறோம். அந்த 4 ஓமில் A-யை நோக்கி ஓடும் மின்னோட்டம் ix. A-யிலிருந்து கீழே தரைக்கு இன்னொரு 4 ஓம். அதற்குப் பக்கத்தில், தரையிலிருந்து A-க்குள் 2ix அளவு மின்னோட்டத்தைத் தள்ளும் டிபென்டன்ட் சோர்ஸ். A-க்கும் தரைக்கும் நடுவில் பார்க்கும் தெவனின் மின்தடை வேண்டும்.

நீங்கள் செய்தது இதுவாகத்தான் இருக்கும்: பேட்டரியை ஷார்ட், 2ix-ஐ ஓபன், இரண்டு 4 ஓமும் பேரலல், விடை 2 ஓம். தப்பு.

சரியான வழிக்கு, பேட்டரியை மட்டும் ஷார்ட் செய்துவிட்டு A-யில் நீங்களாக 1 வோல்ட் கொடுங்கள். இப்போது ix = (0 − 1)/4 = −0.25 ஆம்பியர். அதாவது பேட்டரி போன பிறகும் ix உயிரோடு இருக்கிறது, திசை மட்டும் மாறிவிட்டது. ஆகவே 2ix என்பது −0.5, உள்ளே தள்ள வேண்டிய சோர்ஸ் 0.5 ஆம்பியரை வெளியே இழுக்கிறது. நீங்கள் கொடுத்த 1 வோல்ட், இரண்டு 4 ஓமுக்கும் தலா 0.25, இந்த சோர்ஸுக்கு 0.5, ஆக மொத்தம் 1 ஆம்பியர் தர வேண்டியிருக்கிறது. மின்தடை 1 ஓம். அணைத்தபோது தொலைந்துபோனது அந்த அரை ஆம்பியர்தான்.

நம்பிக்கை வராவிட்டால் பேட்டரியைத் திரும்ப மாட்டிச் சரிபாருங்கள். ஓபன் சர்க்யூட் மின்னழுத்தம் 9 வோல்ட், A-யைத் தரையோடு ஷார்ட் செய்தால் ஓடுவது 9 ஆம்பியர். வகுத்தால் அதே 1 ஓம். இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாமல் விடையை எழுதாதீர்கள்.

“டிபென்டன்ட் சோர்ஸ் இருந்தாலும் அணைத்துவிடு, பெரும்பாலும் சரியாக வரும்” என்று குறுக்குவழி எழுதிக் காசுக்கு விற்கும் நோட்ஸ்கள் சுற்றுகின்றன. நானே திருத்திய விடைத்தாள்களில் ஒரே தப்பு ஒரே வரிசையில் வரும், எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். அந்த ‘பெரும்பாலும்’ எங்கிருந்து முளைத்தது என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயரில் எமிட்டரை நேராகத் தரையில் கட்டி, டிரான்சிஸ்டரின் உள் வெளியீட்டு மின்தடையை விட்டுவிட்டு, கலெக்டர் பக்கமிருந்து வெளியீட்டு மின்தடை பார்க்கிறோம். உள்ளீட்டு சிக்னலைப் பூஜ்யமாக்கியதும் பேஸ் மின்னோட்டம் ib தானாகவே பூஜ்யம். கலெக்டரில் நாம் 1 வோல்ட் கொடுத்தாலும் அது பேஸ் பக்கம் எட்டாது. எனவே கலெக்டர் பக்கம் இருக்கும் டிபென்டன்ட் சோர்ஸான βib-யும் பூஜ்யம், மிஞ்சுவது கலெக்டர் ரெசிஸ்டர் மட்டும். இங்கே சோர்ஸை யாரும் அணைக்கவில்லை, கட்டுப்படுத்தும் ஓட்டம் செத்ததால் அதுவும் செத்தது. அதே டிரான்சிஸ்டரை எமிட்டர் பக்கமிருந்து பாருங்கள். பேஸ் வழியில் மொத்தம் 2000 ஓம், β 99 என்றால், நாம் எமிட்டரில் கொடுக்கும் மின்னழுத்தம் பேஸ் வழியாக ஓட்டத்தை உண்டாக்கும், சோர்ஸ் அதைப்போல 99 மடங்கை இழுக்கும். மின்தடை 2000/100, அதாவது 20 ஓம். அணைத்தவருக்கு 2000 ஓம் கிடைக்கும். நூறு மடங்கு தப்பு! ஆனால் பாடத்திட்டத்தில் இதற்கு ஒதுக்குவது ஒரு மணி நேரம், அதுவும் முதல் வகை கணக்கோடு தீர்ந்துவிடுகிறது. அப்புறம் பிள்ளைகள் அதையே விதியாக நம்பாமல் என்ன செய்வார்கள்?

இன்னொன்று, பேட்டரியை அழித்து மறுபடி படம் வரையும்போது ix அம்புக்குறியையும் சேர்த்து அழித்துவிட்டு, ஓட்டம் போகும் பக்கமாகப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். நம் சர்க்யூட்டில் அப்படிச் செய்தால் 2ix +0.5 ஆகி, 1 வோல்ட் தர வேண்டிய மின்னோட்டம் சரியாகப் பூஜ்யமாகும். மின்தடை முடிவிலி என்று வரும். அம்பு முதல் படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும், மைனஸ் வந்தால் வரட்டும்.