பக்கத்தில் தேதியைத் திருத்தினால் பழைய ஆர்டர் திருந்தாது

கேள்வி: மடக்கும் மேசை விளக்குகளை இணையத்தில் விற்கிறேன். புதிய மாடலுக்கு முன்பதிவு எடுத்தபோது, "மார்ச் இறுதியில் அனுப்பப்படும், முன்பதிவை ரத்து செய்ய இயலாது" என்று போட்டிருந்தேன். 140 பேர் முழுப் பணமும் கட்டினார்கள். தொழிற்சாலை என்னைக் கைவிட்டுவிட்டது. பக்கத்தில் தேதியை ஏப்ரல் இறுதி என்று திருத்தினேன். பிறகு "விரைவில்" என்று மாற்றினேன். இப்போது 23 பேர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். சிலர் மோசடி என்றே எழுதுகிறார்கள். ரத்து கிடையாது என்று முன்பே சொல்லிவிட்ட பிறகும் நான் கொடுக்க வேண்டுமா? அவதூறு வழக்குப் போடலாமா?

பதில்: அவதூறு வழக்கை மறந்துவிடுங்கள். தொழிற்சாலை செய்தது உங்களுக்கும் அதற்கும் உள்ள வழக்கு. பணம் கட்டியவருக்கு அதில் பங்கில்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொருவரும் பணம் கட்டிய நேரத்தில் அவர் திரையில் எந்தத் தேதி இருந்தது, அதை நீங்கள் எதை நம்பிப் போட்டீர்கள்?

முதல் நூறு பேர் மார்ச் இறுதியைப் பார்த்துப் பணம் கட்டியிருந்தால், அவர்களுடன் உங்கள் ஒப்பந்தம் மார்ச் இறுதிதான். பக்கத்தில் பிறகு செய்த திருத்தம் புதிதாக வருபவருக்கு மட்டுமே செல்லும். சொல்லாமல் திருத்தியது இன்னும் மோசம். வாடிக்கையாளரிடம் பழைய பக்கத்தின் படம் இருக்கும், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் இருக்கும். இவற்றை இப்போதைய பக்கத்துடன் அருகருகே வைத்தால், தாமதம் மறைப்பாகத் தெரியும். இப்படிப்பட்ட கோப்புகள் என்னிடம் வந்திருக்கின்றன. தாமதத்தை விட அந்தத் திருத்தம்தான் அந்த விற்பனையாளர்களைக் கவிழ்த்தது.

"ரத்து இல்லை" என்ற வரி, அதிகபட்சம் மனம் மாறியவரைத் தடுக்கும்; சில நாடுகளில் அதையும் தடுக்காது. தேதியைத் தவறவிட்ட விற்பனையாளரை அது காப்பாற்றாது. இந்தியாவின் 2020 மின்வணிக விதிகள், சொன்ன தேதிக்குத் தாமதமாக வந்த பொருளுக்குப் பணம் திருப்ப மறுப்பதைத் தடுக்கின்றன. தவிர்க்க முடியாத பேரிடருக்கு மட்டுமே விலக்கு. அமெரிக்க விதியில், தாமதம் என்றால் வாங்கியவருக்குத் தெரிவித்து, காத்திருப்பதா பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று கேட்க வேண்டும். தேதியே போடாவிட்டால் 30 நாள் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே "விரைவில்" என்பது உங்களுக்கு அவகாசம் தரும் சொல் அல்ல.

பலரும் கவனிக்காத ஆபத்து கார்டு தகராறில் இருக்கிறது, அதாவது வாங்கியவர் தன் வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்பதில். பணம் கட்டி மாதங்கள் ஆகிவிட்டன, இனி வங்கி புகாரை எடுக்காது என்று விற்பனையாளர்கள் நினைக்கிறார்கள். ஆனால் "பொருள் வரவில்லை" என்ற புகாருக்கான கெடு பொதுவாகப் பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும். முன்பதிவில் அந்த நாளே தள்ளி இருப்பதால், கதவு நெடுநாள் திறந்தே இருக்கும். இன்னொன்று: தகராறு பதிவானதும் வங்கி பணத்தை உங்களிடமிருந்து எடுத்துவிடும். பதறிப்போய் நீங்களும் தனியாகத் திருப்பி அனுப்பினால் இரண்டு முறை கொடுத்தவர் ஆவீர்கள். முதலில் ஒவ்வோர் ஆர்டரிலும் தகராறு இருக்கிறதா என்று பாருங்கள்.

நேராகச் சொல்கிறேன்: அந்த 23 பேரில் தகராறு பதியாதவர்களுக்கு இன்றே முழுப் பணத்தையும் திருப்புங்கள், கழிவு எதுவும் இல்லாமல். மற்ற 117 பேருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்: புதிய தேதி, காரணம் ஒரு வரி, காத்திருப்பதா பணமா என்ற கேள்வி. பதில் இல்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; அவர்களுக்கும் திருப்புங்கள்.

அடுத்த முன்பதிவுக்குத் தேதியை எப்படிப் போடுவது? உங்கள் தவறு, தொழிற்சாலையின் நாளை உங்கள் நாளாக எழுதியது. அங்கே மார்ச் 10-ல் முடியும் என்று எழுத்தில் வந்தால், வழியில் 21 நாள், சுங்கத்தில் 5 நாள், சோதித்துப் பொதிய 4 நாள் என்று கூட்டுங்கள். ஏப்ரல் 9 வரும். முதல் தயாரிப்பு என்பதால் இரண்டு வாரம் சேர்த்தால் ஏப்ரல் 23. அந்தக் கடிதத்தைக் கோப்பில் வையுங்கள். தேதிக்கு ஆதாரம் என்று நாளை காட்ட வேண்டியது அதைத்தான்.

பணம் செலுத்தும் பொத்தானுக்கு மேலேயே இதை வையுங்கள்: "இது முன்பதிவு, பொருள் இன்னும் எங்களிடம் வரவில்லை. ஏப்ரல் 23-க்குள் எங்களிடமிருந்து அனுப்புவோம்; உங்கள் கைக்கு வர மேலும் 3 முதல் 6 நாள் ஆகலாம். அனுப்பும் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், முழுப் பணமும் திரும்பும். தேதி தள்ளினால் உங்களுக்கு எழுதுவோம். நீங்கள் சம்மதிக்காவிட்டால் பணம் தானாகத் திரும்பும்." இதே வாசகம் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலிலும் போகட்டும். நாள் சொல்ல முடியாத பொருளுக்கு "விரைவில் வருகிறது" என்று போடலாம், ஆனால் அந்தப் பக்கத்தில் பணம் வாங்கக் கூடாது. மின்னஞ்சல் முகவரி மட்டும் கேளுங்கள்.

வந்த பணத்தை அனுப்பும் நாள் வரை தொடாமல் தனிக்கணக்கில் வைக்க முடியாதென்றால், முழுத் தொகையை முன்பே வாங்காதீர்கள். இப்போது 140 பேரின் பணமும் தொழிற்சாலைக்குப் போய்விட்டிருந்தால் அதைத்தான் முதலில் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் நாளைக்குள் கணக்குப் புத்தகத்துடன் உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள்.