சமூகவியல் கட்டுரை: மதிப்பெண் மறுபரிசீலனைக் கடிதம்

"மதுரைக் கல்லூரியில் உள்மதிப்பீட்டுக் கட்டுரை. ஆதிக்க சாதி பற்றி, மேலூர்ப் பக்கத்து ஊரை வைத்து எழுதினேன். 20க்கு 9. 'நிலவுடைமை மட்டும் போதாது' என்று ஓரக்குறிப்பு. ஆதிக்கத்தின் மற்றக் கூறுகளை 4ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஐயாவுக்கு எப்படி எழுதுவது?"

உழைப்பையோ பிற மாணவர் மதிப்பெண்ணையோ குறிப்பிடாமல், அந்த ஓரக்குறிப்புக்கு மட்டும் பக்கம், பத்தி காட்டி விடை சொல்லுங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா, ஆதிக்க சாதிக்குச் சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் கூறும் எண்ணிக்கை வலிமையையும் அரசியல் அதிகாரத்தையும், பெரியாறு கால்வாய்ப் பாசன ஊர் ஒன்றின் ஊராட்சித் தேர்தலைக் கொண்டு 4ஆம் பக்கம், இரண்டாம் பத்தியில் விளக்க முயன்றுள்ளேன். அப்பகுதியைத் தாங்கள் மீண்டும் பார்வையிட்டு, பொருத்தமெனக் கருதினால் மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

வரையறையில் நிலத்தை மட்டும் வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் ஊர்க்கதைக்குள் பெயர் சொல்லாமல் விட்டிருப்பீர்கள் என்றே தோன்றுகிறது. திருத்துபவர் கண்ணுக்கு அது வெறும் வருணனையாகத்தான் படும்.

அனுப்புமுன், அந்தப் பத்தியை மட்டும் நண்பரிடம் கொடுத்து, எந்தெந்தக் கூறுகள் தெரிகின்றன என்று கேளுங்கள். அவர் எண்ணிக்கையையும் அதிகாரத்தையும் தாமாகச் சொல்லாவிட்டால் உங்கள் காரணம் நிற்காது. சடங்குத் தகுதி மிகத் தாழ்ந்திராமை ஆதிக்கத்தை எளிதாக்கும் என்பதும் சீனிவாஸின் கருத்தே. அதை எழுதாதிருந்தால், எல்லாவற்றையும் எழுதியதாகக் கடிதத்தில் உரிமை கோர வேண்டாம்.

இது உள்மதிப்பீட்டுக்கு மட்டும் பொருந்தும். பருவத் தேர்வு என்றால், திருத்தியவருக்கு எழுதாமல், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் வழியாகவே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.