முடிவு தெரிந்த கதை

அன்புள்ள ஐயா,

ஏர்வாடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒரே நாவலை இதுவரை 11 முறை படித்திருக்கிறேன். மே மாதம் அதைக் கையில் எடுத்தால்தான் விடுமுறை தொடங்கியதாகத் தோன்றும். இந்த ஆண்டு 50 புதிய புத்தகங்கள் படிப்பது என்று பட்டியல் போட்டேன். அது 18-இல் நிற்கிறது. அதற்குள் பழைய நாவலை மறுபடியும் தொடங்கிவிட்டேன். "முடிவுதான் தெரியுமே, பிறகு எதற்கம்மா?" என்று மகன் கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது மனத்தின் சோம்பலா? ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களும் என்னைப் போன்றவர்கள்தானா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று சிலப்பதிகாரத்தின் இரண்டாம் காதையை மடியில் விரித்து வைத்திருந்தேன். எத்தனையாவது முறை என்று நான் எண்ணி வைக்கவில்லை. பல நாட்களாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததையே நீங்களும் கேட்டிருப்பதால் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். கடுமையாகவே சொல்கிறேன். வகுப்பில் ஒரு குழந்தை ஒரு செய்யுளை ஆசைப்பட்டு நான்காம் முறை படித்தால், "இதைத்தான் முடித்துவிட்டாயே, மூடி வை" என்று நீங்கள் சொல்வீர்களா? ஒரு நூலை இரண்டு முறை கேட்பவனுக்கு அதில் பிழைபாடு பெரிதும் இராது, மூன்று முறை கேட்பவன் பிறருக்கு முறையறிந்து உரைப்பான் என்று நன்னூல் வகுத்திருக்கிறது. அந்த மரபில் பாடம் சொல்லும் ஒருவர், படித்து முடித்தவற்றைக் கணக்குப் பிள்ளைபோல் எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சோம்பல் என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். உடம்பு அலுத்த நாளில் பழைய நாவலைப் பிரித்து, பிடித்த நான்கு பக்கங்களை மட்டும் தேடிப் படித்துவிட்டுத் தூங்கிப்போவதும் உண்டு. அது தலைவலிக்குத் தைலம் தடவிக்கொள்வதைப் போன்றது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நீண்டு பேசவும் ஒன்றுமில்லை. நான் பேச விரும்புவது உங்கள் மகனின் கேள்வியைப் பற்றி.

முடிவு தெரியாமல் இருப்பதுதான் கதையின் உயிர் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறான். இளங்கோ அப்படி நினைக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் முதல் காதைக்கு முன்பாகவே பதிகம் வந்துவிடுகிறது. கோவலன் கொலையுண்டதும், கண்ணகி பாண்டியன் முன் போய் நின்றதும், மதுரை எரிந்ததும் அதிலேயே சொல்லப்பட்டுவிடுகின்றன. கதையை முழுதும் கேட்டுவிட்ட நிலையில்தான் நாம் 30 காதைகளுக்குள் நுழைகிறோம். ஆகவே அந்தக் காப்பியத்தை முதல் முறை படிப்பவர்கூட ஒருவகையில் இரண்டாம் முறைதான் படிக்கிறார்.

முதற்காதையின் திருமணத்தைப் பாருங்கள். மங்கலப் பெண்கள் கண்ணகியை வாழ்த்தும்போது, "காதலற் பிரியாமல் கவவுக்கை ஞெகிழாமல் தீது அறுக" என்கிறார்கள். காதலனைப் பிரியாமலும், அணைத்த கை நெகிழாமலும், தீமை இன்றியும் இருப்பாயாக என்பது பொருள். கதை தெரியாதவருக்கு இது எல்லாத் திருமணங்களிலும் சொல்லப்படும் வாழ்த்து. கதை தெரிந்தவருக்கோ, மணமேடையில் சொல்லக் கூடாத இரண்டு சொற்கள், பிரிவும் நெகிழ்வும், வாழ்த்துகிறவர்களின் வாயிலேயே வந்து விழுந்துவிட்டன என்பது தெரியும். மூன்றாம் காதையில் கோவலன் மாதவியிடம் போய்விடுகிறான். அதைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது அந்த வாழ்த்து தொண்டையை அடைக்கிறது.

என் மடியில் இருந்த இரண்டாம் காதைக்கு வருகிறேன். "மாசறு பொன்னே வலம்புரி முத்தே" என்று கோவலன் கண்ணகியைப் பாராட்டும் பகுதி பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்தது. நம் கரையில் பிறந்தவர்களுக்கு அந்த இரண்டாம் பெயரின் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் தாய்மாமா கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கப் போனவர். மூச்சுப் பிடித்து மூழ்கி அவர் எடுத்துவந்தவை எல்லாம் இடம்புரிகள்; வாழ்நாள் முழுவதும் கடலில் இருந்து ஒரு வலம்புரியைக் கூட அவர் எடுத்ததில்லை. அப்படிப்பட்ட சங்கில் பிறந்த முத்து என்கிறான் கோவலன். சில வரிகள் கழித்து, "மலையிடைப் பிறவா மணியே என்கோ" என்றும் சொல்கிறான். இருபது வயதில் இவற்றை வெறும் கொஞ்சலாகப் படித்துக் கடந்தேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் 20-ஆம் காதையாகிய வழக்குரை காதையை முடித்துவிட்டு, ஏதோ நினைவில் இரண்டாம் காதைக்குத் திரும்பியபோது கை அப்படியே நின்றுவிட்டது. பாண்டியன் அவையில் வழக்கைத் தீர்ப்பதும் இதே இரண்டு பொருள்கள்தாம். அரசியின் சிலம்பில் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் பரல் மணி. உடைத்ததும் மன்னவன் வாய் அருகே தெறித்தது மணி. கோவலனின் கொஞ்சலில் வந்த அந்த இரண்டு பெயர்களுள் எது தன் மனைவியின் காற்சிலம்புக்குள் இருந்தது என்பது, அவன் இறந்த பிறகு, அவன் இல்லாத அவையில் வெளிப்படுகிறது.

இளங்கோ இதை எண்ணித்தான் வைத்தாரா என்று என்னால் நிறுவ முடியாது. அதே பாராட்டில், மங்கல அணி இருக்கும்போது உனக்கு வேறு நகைகள் எதற்கு என்று கேட்கும் கோவலன்தான் பின்னாளில் அவள் சிலம்பை விற்கக் கடைவீதியில் நிற்கிறான். அதற்குச் சான்று நூலிலேயே இருக்கிறது. முத்தும் மணியும் என் காதில் பட்டவை. எப்படியிருந்தாலும், முடிவு தெரியாத கண்ணுக்கு இவை எதுவும் படாது.

இதற்குக் காரணம் எளிது. முதல் வாசிப்பில் மனம் அடுத்து என்ன நடக்கும், இவர் யார், இவரை நம்பலாமா என்ற கேள்விகளைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. படிப்பவர்களின் கண்ணசைவை அளந்து பார்த்தவர்கள், ஒரே பகுதியை மறுபடி படிக்கும்போது கண் குறைவான இடங்களிலேயே நிற்கிறது, நின்றாலும் குறைவான நேரமே நிற்கிறது, பின்னோக்கித் திரும்புவதும் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். மிச்சமாகும் அந்தக் கவனம் எங்கே போகிறது என்பதுதான் எல்லாமே. முடிவை முன்பே சொல்லிவிட்டால் கதை கெடுகிறதா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2011-இல் வந்த ஓர் ஆய்வு கெடவில்லை என்றது, பின்னால் வந்த சில ஆய்வுகள் கெடுகிறது என்றன. அந்த வழக்கில் எனக்கு அக்கறை இல்லை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் நான் முன்னே சொன்ன மாமாதான். அவர் எழுத்தறியாதவர். எங்கள் ஊருக்கு வெளியே, சவுக்குத் தோப்பை ஒட்டி, டூரிங் டாக்கீஸ் ஒன்று கீற்றுக் கொட்டகையில் நடந்தது. ஊர் ஊராகச் சுற்றிக் கோடு விழுந்த படங்களே எங்களிடம் வரும். ஒரு படம் நான்கு நாள் ஓடினால் நான்கு நாளும் மாமா தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பார். ஈர மணலைக் குவித்து எனக்கும் மேடு போட்டுக் கொடுப்பார். இரண்டாம் நாள் நான் வசனத்தை முந்திக்கொண்டு சொன்னால் தொடையில் அடி விழும். "பேசுறவன் மூஞ்சியை நேத்தே பார்த்தாச்சு. இன்னைக்குக் கேட்டுக்கிட்டு நிக்கிறவனைப் பாரு" என்பார்.

அவர் சொன்னபடி பார்த்தேன். அண்ணன் சொத்தைப் பிரித்துக் கேட்டுக் கத்தும் ஒரு காட்சி. முதல் நாள் கொட்டகையே அண்ணனைத் திட்டித் தீர்த்தது. மறுநாள் நான் திரையின் ஓரத்தில் நின்ற அண்ணியைப் பார்த்தேன். அவர் முந்தானையின் நுனியை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், மறுபடி சுற்றுகிறார். சண்டையைத் தூண்டிவிட்டது அவர்தான் என்பது படத்தின் கடைசியில்தான் தெரியவரும். அந்த விரல் முதல் நாளும் எங்கள் கண்ணெதிரே சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான். சுருள் மாற்றும்போதெல்லாம் இருட்டு. படம் அறுந்தால் சீழ்க்கை. ஆபரேட்டர் அறுந்த நுனிகளை வெட்டிப் பசை போட்டு ஒட்டுவார். ஓர் அடிப் பிலிமில் 16 படச்சட்டங்கள். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவதால், ஓர் அடி வெட்டினால் போவது முக்கால் நொடிக்கும் குறைவு. ஒருமுறை மூன்றாம் நாளில் அப்படி ஒட்டிய இடம் வந்தது. கதவருகே நின்றவர் சட்டென்று நடுக்கூடத்தில் இருந்தார். யாருக்கும் அது உறைக்கவில்லை. மாமா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ திரும்பிப் பார்த்துட்டுத்தாண்டா உள்ள வருவா, அதைக் காணோம்" என்றார். அவர் குரலில் இழவு வீட்டுத் துக்கம் இருந்தது. பதினோரு முறை படித்த நாவலில் ஒரு பக்கம் கிழிந்திருந்தால் நீங்களும் அப்படித்தான் துடிப்பீர்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு இதற்கு மேல் நான் விடை தேடவில்லை.

எல்லாப் புத்தகமும் இதைத் தாங்காது. முடிச்சு ஒன்றை நம்பியே எழுதப்பட்டது இரண்டாம் முறை காகிதமாகிவிடும். கதாபாத்திரம் ஒன்று உண்மையை மறைக்கும் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். மறைக்கிறவரின் பேச்சிலும் கையிலும் அந்த மறைப்பின் தடம் முன்பே இருந்தால் புத்தகம் நிற்கும்; வாசகனிடம் சொல்லாமல் விட்டது மட்டும்தான் அங்கே இருக்கிறது என்றால் நிற்காது. நினைவும் நம்மை ஏமாற்றும். அந்த அண்ணன் வீட்டை விட்டுப் போகும்போது மழை கொட்டியது என்று மாமா பல ஆண்டுகள் சொல்லிவந்தார். அதே படம் மறுபடி எங்கள் ஊருக்கு வந்தபோது அந்தக் காட்சியில் நல்ல வெயில். அவர் அன்று இரவு முழுவதும் பேசவே இல்லை. மறுநாள் மீண்டும் டிக்கெட் எடுத்தார்.

உங்கள் நாவல் எது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது தொடங்கியிருக்கும் இந்தப் பன்னிரண்டாம் வாசிப்பில், உங்களுக்கு மனப்பாடமாகிவிட்ட பெரிய காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பேசாமல் நிற்பவர் யார், அந்த நேரத்தில் அவர் கை என்ன செய்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். மகனையும் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் பக்கத்தை மட்டும் அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.