அடுப்படியில் சொன்ன வார்த்தை செல்லுமா?

கேள்வி: ஐயா, சட்டக் கல்லூரி மாதிரி நீதிமன்றப் போட்டியில் எனக்கு வந்திருக்கும் வழக்கு இது. 1370-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில், ஒருவன் அடுப்படியில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து "உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்" என்கிறான். அவளும் அப்படியே சொல்கிறாள். இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். பிறகு அவன் வேறொருத்தியைத் தேவாலயத்தில் ஊரறிய மணக்கிறான். நான் முதல் பெண்ணின் தரப்பு. கிரேசியனை மேற்கோள் காட்டினால் போதுமா?

பதில்: போதாது. அவரை மட்டும் நம்பிப் போனால் தோற்றுவிடுவீர்கள்.

கிரேசியன் 1140 வாக்கில் போலோனாவில், ஒன்றோடொன்று முரண்பட்ட பழைய திருச்சபை விதிகளைத் திரட்டி இணக்கம் காண முயன்றவர். அவர் நூலின் நடுப்பகுதி 36 கற்பனை வழக்குகள். ஆசிரியர்கள் அவற்றைக் கேள்வி கேள்வியாகப் பிரித்து வகுப்பில் அலசினார்கள். நீங்கள் இப்போது செய்வதும் அதையேதான். 27-ஆவது வழக்கில், ஒருவனுக்கு நிச்சயமான பெண் இன்னொருவனை மணக்கிறாள், முதலாமவன் அவளைத் திரும்பக் கேட்கிறான். சம்மதத்தில் தொடங்கும் திருமணம் உடலுறவில்தான் முழுமையாகிறது என்பது கிரேசியனின் முடிவு. எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் 1159 முதல் 1181 வரை போப்பாண்டவராக இருந்த மூன்றாம் அலெக்சாண்டரின் தீர்ப்புக் கடிதங்கள் இதை மாற்றிவிட்டன. போப் ஒன்பதாம் கிரகோரி 1234-இல் வெளியிட்ட தொகுப்பின் நான்காம் புத்தகத்தைப் பாருங்கள், திருமணச் சட்டம் முழுக்க அங்கேதான். "ஏற்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொன்னால் அந்த நொடியே திருமணம். "ஏற்பேன்" என்றால் வெறும் நிச்சயம். அதன்பின் உறவு நடந்தால்தான் திருமணமாகும். பாதிரியாரோ தேவாலயமோ இல்லாததால் அது செல்லாமல் போகாது. பாதிரியார் முன்னிலை கட்டாயம் என்ற விதி 1563-இல்தான் வந்தது. ஆக, உங்கள் வழக்கு அந்த ஒரு வினைச்சொல்லின் காலத்தில் நிற்கிறது.

சரி, திருமண வழக்கை விசாரிக்கும் திருச்சபை நீதிமன்றத்தில் இதை நிரூபிப்பது எப்படி? கண்ணால் கண்டு காதால் கேட்ட சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் போதாது. அவர்களைத் தனித்தனியாக, மூடிய அறையில் விசாரித்து எழுதிக்கொள்வார்கள். எதிர்த்தரப்பு எழுதிக் கொடுக்கும் குறுக்குக் கேள்விகள் சின்னச் சின்னதாக இருக்கும்: என்ன கிழமை, நின்றார்களா உட்கார்ந்திருந்தார்களா, யார் முதலில் பேசினார்கள்? பெரும்பாலும் சாட்சி உடைவது இங்கேதான். ஒருவர் "ஏற்கிறேன்" என்றும் மற்றவர் "ஏற்பேன்" என்றும் சொல்லிவிட்டால் வழக்கு ஆட்டம் கண்டுவிடும்.

ஜெயித்தால் இரண்டாவது திருமணம் செல்லாது. ஆனால் ரகசியமாக மணந்ததும் குற்றமே. அதற்காக அதே திருச்சபை நீதிமன்றம் இருவருக்கும் தவத் தண்டனை விதிக்கலாம். வெறுங்காலோடு, கையில் மெழுகுவர்த்தியுடன் ஞாயிற்றுக்கிழமை பவனியில் நடப்பது போன்றது.

அப்புறம், அவன் இறந்தால் உயிலை மெய்ப்பிப்பதும் திருச்சபை நீதிமன்றம்தான். யார்க் வழக்கப்படி, பிள்ளைகள் இருந்தால் அசையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. அவன் உயிலில் அதைத் தொட முடியாது. நிலத்தில் விதவைப் பங்கு மட்டும் அரசரின் நீதிமன்றத்தின் கையில். அங்கே தேவாலய வாசலில் வைத்துப் பங்கு அளிக்கப்பட்டதா என்று கேட்பார்கள். அடுப்படியில் மணந்த உங்கள் கட்சிக்காரருக்கு அது கிடைக்காது. அந்தக் கோரிக்கையை மனுவில் சேர்க்காதீர்கள்.