ரத்தக்குழாய் வழியே ஊட்டம் தரும் டி.பி.என். நீளும்போது சுகரும் கல்லீரலும்: கேள்வி பதில்

"மூணு வாரமா அதே பை, அதே வேகம். இன்னிக்குக் காலையில சுகர் 264. இன்சுலினை ஏத்தினா போதும்ல?" (வார்டு செவிலியர்)

ரத்தத்தை எங்கிருந்து எடுத்தீர்கள், சிஸ்டர்? டி.பி.என். ஓடும் லைனிலிருந்து என்றால், பையின் சர்க்கரையும் அதில் கலந்திருக்கும். லைன் இல்லாத கையில் விரலைக் குத்திப் பாருங்கள்.

"விரல்லயும் 258."

அப்படியென்றால் நிஜம்தான். பம்ப் வேகம், புதிதாகத் தொடங்கிய ஸ்டீராய்டு, தனியாக ஓடும் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் மூன்றையும் பாருங்கள். எதுவும் மாறவில்லையா? அடங்கியிருந்த சுகர் இப்படி எகிறினால் கிருமித்தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சலுக்கு முன்பே இது தலைகாட்டலாம். இன்சுலினோடு நிறுத்தாமல் கல்ச்சர் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

குறிப்பில் "சுகர் அதிகம், தெரிவிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். இப்படி இருக்கட்டும்: "6:00 லைனில் 264, 6:05 வலது விரலில் 258. பை மணிக்கு 80 மி.லி. வெப்பம் 99.1, லைன் துளையில் சிவப்பில்லை. 6:10 டாக்டருக்குத் தெரிவித்தேன். 6:20 உத்தரவுப்படி ரெகுலர் இன்சுலின் 4 யூனிட், தோலடியில். 10:00 விரலில் 212." அந்தக் கடைசி எண்ணைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மருந்து வேலை செய்ததா என்று அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியாது.

"எஸ்.ஜி.பி.டி. நார்மல்னா கல்லீரல் நல்லாத்தானே இருக்கு? யூரின் மட்டும் பளிச்னு மஞ்சள்." (பார்மசி மாணவர்)

பாதி சரி, தம்பி. பளிச்சென்ற மஞ்சள் பெரும்பாலும் பையிலுள்ள வைட்டமினால் வருவது. பித்தம் தேங்கினால் சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்துக்குப் போகும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். எஸ்.ஜி.பி.டி.யை மட்டும் நம்பாதீர்கள். பித்தத் தேக்கத்தைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸும் ஜி.ஜி.டி.யும் சேர்ந்து வாராவாரம் ஏறுகின்றனவா என்று பாருங்கள். நேரடி பிலிருபின் 2-ஐத் தாண்டுவது பிறகுதான். கல்லோ அடைப்போ இல்லை என்று ஸ்கேனில் தெரிந்த பிறகே டி.பி.என். மேல் பழி போடலாம்.

"வீட்டுல அப்பாவுக்கு டி.பி.என்., 50 கிலோ. கல்லீரலுக்காக 24 மணி நேரப் பையை 14 மணி ஆக்கினாங்க. இப்ப ராத்திரி சுகர் ஏறுது. பழையபடி மாத்திடவா?"

நீங்களாக மாற்ற வேண்டாம். பையில் 300 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் ஓடினால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 4.2 மி.கி. போகும். 14 மணியில் அதுவே 7.1. பெரியவர்களுக்கு 5-ஐத் தாண்டாமல் வைப்பது வழக்கம். பை ஓடாத இடைவெளி கல்லீரலுக்கு நல்லதுதான், ஆனால் சர்க்கரை அவ்வளவு வேகத்தில் இறங்குகிறது. டெக்ஸ்ட்ரோஸைக் குறைக்கலாமா, 20 மணி ஆக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தேவைக்கு மேல் சர்க்கரை போவதும் கல்லீரலில் கொழுப்பாகப் படியும் என்பதால், முதல் வழி இரண்டுக்கும் உதவும். சோயா எண்ணெய்க் கொழுப்பு கிலோவுக்கு நாளுக்கு 1 கிராமுக்குள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மீன் எண்ணெய் கலந்தது பெரியவர்களுக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை.

பை ஓடும் நடுவிலும், நின்று ஒரு மணி நேரம் கழித்தும் சுகர் பார்த்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். கடைசி ஒரு மணி நேரம் பாதி வேகத்தில் ஓடச் சொல்லியிருக்கிறார்களா? சட்டென்று நிறுத்தினால் சுகர் சரிந்துவிடலாம்.