கடைசிக் கட்டுரைக்கு 24 நிமிடங்கள்

"ஐயா, நான் உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கிறேன். இரசாயனவியல் இரண்டாம் வினாத்தாளில் ஒவ்வொரு முறையும் நான்காவது கட்டுரைக்கு நேரம் போதாமல் போகிறது. எழுதியதைத் திருப்பிப் பார்க்கவும் முடிவதில்லை. விடை தெரிந்தும் புள்ளி போகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?"
— மாணவி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள மகளுக்கு,

அந்த வினாத்தாளில் தலா 100 புள்ளியுடைய நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களும், தெரிவுசெய்து எழுத வேண்டிய, தலா 150 புள்ளியுடைய நான்கு கட்டுரை வினாக்களும் உள்ளன. மொத்தம் 1000 புள்ளிகள், 180 நிமிடங்கள். பெரும்பாலான பிள்ளைகள் 180ஐ அப்படியே பங்கிட்டு, அமைப்புக் கட்டுரைக்கு 18, கட்டுரைக்கு 27 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். கணக்குச் சரிதான், ஆனால் திருப்பிப் பார்ப்பதற்கு அதில் ஒரு நிமிடம்கூட இல்லை. ஆகவே முதலில் 20 நிமிடத்தை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, மிகுதி 160ஐப் பங்கிடுங்கள். அமைப்புக் கட்டுரை ஒன்றுக்கு 16 நிமிடமும் கட்டுரை ஒன்றுக்கு 24 நிமிடமும் வரும். உட்பிரிவுகளுக்கு 25 புள்ளிக்கு 4 நிமிடம் என்ற ஓர் அளவை மட்டும் மனத்தில் வைத்திருந்தால் போதும். 50 புள்ளிப் பகுதிக்கு 8 நிமிடம், 75 புள்ளிப் பகுதிக்கு 12 நிமிடம்.

நிமிடங்களை எண்ணிக்கொண்டு எழுத யாராலும் முடியாது என்பதால், அவற்றை மணிக்கூட்டு நேரமாக மாற்றிக்கொள்ளுங்கள். பரீட்சை 8.30க்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், மேலதிக வாசிப்பு நேரமான 10 நிமிடம் முடிந்து 8.40க்கு எழுதத் தொடங்குவீர்கள். அமைப்புக் கட்டுரைகள் 9.44க்கு முடிய வேண்டும். கட்டுரைகள் முறையே 10.08, 10.32, 10.56, 11.20க்கு முடிய வேண்டும். எழுதத் தொடங்கியதும் இந்த ஐந்து நேரங்களையும் கட்டுரை வினாத்தாளின் ஓரத்தில் சிறிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டுரைகளை எழுதுவது என்ற முடிவை வாசிப்பு நேரத்திலேயே எடுத்துவிடுங்கள், ஏனெனில் பாதி எழுதிய கட்டுரையைக் கைவிட்டு வேறொன்றுக்குத் தாவுவதைப் போல நேரத்தைத் தின்பது வேறொன்றுமில்லை.

உங்கள் தாமதம் கட்டுரைப் பகுதியில் தொடங்குகிறது என்று நீங்கள் நினைக்கக்கூடும். தவணைப் பரீட்சையொன்றில் உங்களைப் போலவே நான்காவது கட்டுரையில் 25 புள்ளி மட்டும் பெற்ற ஒரு மாணவியுடன் அமர்ந்து, அவருடைய நேரத்தை வினா வினாவாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். அமைப்புக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 20 நிமிடம் எடுத்து 80 நிமிடத்தைச் செலவழித்திருந்தார். முதல் மூன்று கட்டுரைகளுக்கும் தலா 30 நிமிடம் போயிருந்தது. மிஞ்சியது 10 நிமிடம். ஓரிடத்தில், 6 புள்ளிக்குரிய மூன்று வரிக் கணிப்பை இரண்டு முறை வெட்டி, மூன்றாம் முறையாக ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார். 6 புள்ளிக்கு உரிய நேரம் ஒரு நிமிடம். அவர் அதில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றிருக்கிறார். அதில் கூடுதலாகப் போன நான்கு நிமிடம் நான்காவது கட்டுரைக்குக் கிடைத்திருந்தால் இன்னும் 25 புள்ளிக்கு எழுதியிருக்கலாம். ஒரு வினாவின் ஆரம்பத்தில் புள்ளிகள் விரைவாகச் சேரும், இறுதியில்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

எனவே குறித்த நேரம் வந்ததும், எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடித்து, இடம் விட்டு, அடுத்த வினாவுக்குப் போய்விடுங்கள். இரசாயனவியலில் கணிப்பானுக்கு அனுமதி இல்லாததால் பெருக்கலும் வகுத்தலுமே நேரத்தை இழுக்கும். கோவையை எழுதி, பெறுமானங்களை அலகுடன் பிரதியிட்டுவிட்டால் படிமுறைக்கான புள்ளி பெரும்பாலும் கிடைத்துவிடும். சுருக்கல் ஒரு நிமிடத்தில் முடியாவிட்டால் அருகே ஒரு புள்ளடி போட்டுவிட்டு நகருங்கள். எல்லா வினாவும் இந்த அளவுக்குள் சரியாக அடங்காது என்பதும் உண்மைதான். சேதன மாற்றீடு ஒன்று பிடிபட்டால் ஆறு நிமிடத்தில் முடியும். அப்படி மிஞ்சும் நேரத்தை அடுத்த வினாவுக்குக் கொடுக்கலாம், ஆனால் ஒதுக்கிய 20 நிமிடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அந்த 20 நிமிடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசிக்க முயலாதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் புள்ளடியிட்ட இடங்களை மட்டும் நிரப்புங்கள். அடுத்து, சமன்பாடுகளை மட்டும் கண்ணால் தேடிப் போய், சமப்பட்டுள்ளனவா, அயன்களின் ஏற்றமும் பௌதிக நிலைகளும் உள்ளனவா என்று பாருங்கள்; பிறகு இறுதி விடைகளின் அலகையும், வெப்பவுள்ளுறை மாற்றத்தின் குறியையும் பாருங்கள். கடைசி மூன்று நிமிடத்தில் பேனையைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு தாளிலும் சுட்டெண்ணும் வினா இலக்கமும் இருக்கின்றனவா என்று பார்த்து, அமைப்புக் கட்டுரைப் பகுதி மேலே வரும்படி அடுக்கி, நூலால் கட்டி வையுங்கள்.