பேங்க் பணம் தாமதம்: மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் 28ஆம் தேதியைத் தாண்டாதீர்கள்

கேள்வி: ஐயா, புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய வீட்டை 62 லட்சத்துக்குப் பேசி, 8 லட்சம் முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்துவிட்டோம். வீடு இரண்டு அண்ணன் தம்பி, ஒரு தங்கை பேரில் இருக்கிறது. மூன்று மாதக் கெடு இந்த மாதம் 28ஆம் தேதி முடிகிறது. பேங்க் 45 லட்சம் சாங்ஷன் செய்தது. மீதி 9 லட்சம் என் கணக்கில் இருக்கிறது. ஆனால் அவர்களின் இறந்துபோன அப்பாவுக்கு வாரிசுச் சான்று வேண்டும் என்று பேங்க் வக்கீல் நிறுத்திவைத்துவிட்டார். மேனேஜர் போனையே எடுப்பதில்லை, லோன் ஏஜென்ட் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டார், புரோக்கர் கேவலமாகப் பேசுகிறார். மூத்த அண்ணனிடம் இன்னும் இரண்டு மாதம் கேட்டேன். "பரவாயில்ல தம்பி, பாத்துக்கலாம்" என்று போனில் சொன்னார். இது போதுமா? பேங்க் மேல் கேஸ் போடலாமா?

பதில்: போதாது. பேங்க், ஏஜென்ட், புரோக்கர் மூவரையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவர்கள் நடந்துகொண்டது சரியா தவறா என்பதை வைத்து இந்த வீடு உங்களுக்கு வரப்போவதில்லை. 28ஆம் தேதிக்கு முன்னால் விற்பவர்கள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட கால நீட்டிப்பு உங்கள் கையில் இருக்கிறதா? உங்கள் வழக்கில் கேள்வி இது ஒன்றுதான்.

உங்களுடையது பதிவான ஒப்பந்தம். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைப் பிறகு வாய்ப்பேச்சால் மாற்றிக்கொண்டோம் என்று நிரூபிக்க சாட்சியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பழைய சட்டத்தில் 92ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் 95ஆம் பிரிவு. விற்பவரின் நடத்தையிலிருந்தே நீட்டிப்பு தெரிகிறது என்று வாதாட வழி உண்டுதான். ஆனால் அந்த வாதத்தை வைத்துப் பல வருடம் கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும். அண்ணன் சொன்னது தங்கையைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. 29ஆம் தேதி யாராவது 70 லட்சத்துக்கு வந்து நின்றால், "நான் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை" என்று தங்கை சொல்வார், அண்ணன் பேசாமல் இருந்துவிடுவார்.

இப்போது ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு இடங்களைப் படியுங்கள். கடன் கிடைப்பதைப் பொறுத்தே கிரயம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால் பேங்க் தாமதம் உங்கள் தாமதம்தான். அடுத்து, அசல் பத்திரங்களையும் தேவையான சான்றுகளையும் விற்பவர்கள் கொடுக்க வேண்டும் என்ற வரியைத் தேடுங்கள். அது இருந்தால் உங்கள் நிலை வலுவானது. வாரிசுச் சான்றைத் தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் செய்யாத வேலையால்தான் உங்கள் பணம் நிற்கிறது என்று காட்டிவிடலாம்.

நீட்டிப்பு வாங்கிய பிறகும் ஆட்கள் தோற்பது அந்தக் காகிதத்தின் வாசகத்தால்தான். அவசரத்தில் பத்திர எழுத்தரிடம் போவார்கள். அவர் "வாங்குபவரிடம் பாக்கித் தொகை தயாராக இல்லாததால் அவர் கேட்டுக்கொண்டபடி" என்று ஆரம்பிப்பார். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்லி வழக்குப் போடுபவர், தன் பங்கைச் செய்ய ஆரம்பம் முதல் கடைசி வரை தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை நிரூபிக்க வேண்டும். தயார் என்றால் பண வசதி. அது இல்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு ஆவணமே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் "அண்ணா, என்கிட்ட இப்ப காசு இல்ல, மன்னிச்சுக்கோங்க" என்று அனுப்பும் வாய்ஸ் மெசேஜும் இதே வேலையைத்தான் செய்யும். உள்ளது உள்ளபடி எழுதுங்கள்: 45 லட்சம் கடன் இந்தத் தேதியில் ஒப்புதலானது, 9 லட்சம் வாங்குபவர் கணக்கில் இருக்கிறது, வாரிசுச் சான்று வரவேண்டியதால் இரு தரப்பும் சம்மதித்துத் தேதியை நீட்டிக்கிறோம்.

இதைவிட ஆபத்தான வரி ஒன்று கடைசியில் வரும்: "மேற்படி தேதிக்குள் செலுத்தத் தவறினால் ஒப்பந்தம் தானாகவே ரத்தாகும், முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது." நிலம், வீடு விற்பனையில் பொதுவாகக் கெடு தேதியை உயிர்நாடியாகக் கோர்ட் எடுத்துக்கொள்வதில்லை. இந்த வரியில் கையெழுத்துப் போட்டால் நீங்களே அதை உயிர்நாடி ஆக்கிவிடுகிறீர்கள். 8 லட்சத்தையும் கொண்டுபோய் அவர்கள் கையில் வைத்த மாதிரி ஆகும். அவர்கள் பிடிவாதமாக இருந்தால், இழக்கும் தொகையை ஒரு லட்சம் என்று வரம்பு கட்டுங்கள். அதுவும் குறிப்பிட்ட நாளுக்குள் வாரிசுச் சான்றை அவர்கள் கொடுத்திருந்தால்தான் என்று சேர்த்து எழுதுங்கள்.

நாளையும் குறைத்துக் கேட்காதீர்கள். கூச்சப்பட்டு 15 நாள் கேட்டு, அதுவும் தாண்டி இரண்டாவது முறை போய் நின்றால் மதிப்பு போய்விடும். சான்று வர வேண்டும், பேங்க் வக்கீல் மறுபடி பார்க்க வேண்டும், டிடி எடுக்க வேண்டும். நீங்கள் கேட்ட 60 நாள் நியாயமானதுதான். சாங்ஷன் லெட்டர் அதற்குள் காலாவதி ஆகிறதா என்று பார்த்து, ஆகுமென்றால் இப்போதே புதுப்பிக்க எழுதிக் கொடுங்கள். அந்த 9 லட்சத்தைத் தொடவே தொடாதீர்கள். பிறகு கோர்ட் கேட்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பணம் இருக்க வேண்டும்.

இதைத் துணை ஒப்பந்தமாக, முன்பு பதிவு செய்த அதே சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதிவு செய்யுங்கள். அப்போதுதான் வில்லங்கச் சான்றில் புதிய தேதி ஏறும். இல்லையென்றால் வில்லங்கம் போட்டுப் பார்ப்பவருக்குக் கெடு முடிந்துபோன ஒப்பந்தம்தான் தெரியும். டோக்கன் கிடைக்கத் தாமதமானாலும் 28க்குள் மூவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம்.

மறுத்துவிட்டால், 28க்கு முன்பே மூவருக்கும் தனித்தனியாக வக்கீல் நோட்டீஸ் ஒப்புகையுடன் போக வேண்டும். சாங்ஷன் லெட்டர் நகலையும் ஸ்டேட்மென்ட்டையும் இணைத்து, வாரிசுச் சான்றைக் கேளுங்கள். டிடி இல்லாமல் கடைசி நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் காத்திருந்து செல்ஃபி எடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை நம்பித் தூங்கிவிடாதீர்கள். நகரச் சொத்தில் விலை ஏறும்போது சும்மா இருந்த வாங்குபவருக்குக் கோர்ட் கைகொடுக்காது என்பதை 1997இல் வித்யானந்தம் எதிர் வைரவன் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நீட்டிப்புக்கு அவர்கள் கூடுதலாகப் பணம் கேட்டால் கௌரவம் பார்க்காமல் பேசி முடியுங்கள். வழக்குத் தாக்கலுக்கே முழு விலையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். 62 லட்சத்துக்கு 1,86,000 ரூபாய். அதற்குக் கீழே எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவது லாபம். ரொக்கமாகத் தராமல் பேங்க் வழியாகத் தந்து, துணை ஒப்பந்தத்தில் அந்தத் தொகையைக் குறிப்பிடுங்கள்.

விற்க மனமே இல்லை என்று தெரிந்தால் 8 லட்சத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகுங்கள். பதிவான ஒப்பந்தம் வில்லங்கத்தில் நிற்கும் வரை அடுத்து வாங்குபவர் தயங்குவார், ஆகவே உங்கள் கையெழுத்து அவர்களுக்குத் தேவை. "முதலில் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள், அடுத்த வாரம் பணம் தருகிறோம்" என்பார்கள். 8 லட்சத்துக்கான டிடி கைக்கு வந்த பிறகு, அதே நாளில், அதே அலுவலகத்தில் மட்டும் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.